ஸ்கேன் தாளின் மேல்வரி

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்ததும் கணவரின் கையில் அந்தச் சின்னத் தாள் இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறத்தில் ஒரு தலை, ஒரு வயிறு, மேலே தூக்கிய குட்டிக் கை. வண்டியில் ஏறுவதற்குள் கைப்பேசியில் படம் எடுத்து, 'எங்கள் வீட்டுக்குப் புது வரவு' என்று எழுதி ஃபேஸ்புக்கில் போட்டாயிற்று. அத்தை, சித்தப்பா, கல்லூரித் தோழிகள் என்று வாழ்த்துகள் குவிகின்றன. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்க்கிறார்கள். தாளின் மேல்விளிம்பில் பொடி எழுத்தில் ஓடும் இரண்டு வரிகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த வரிகளை நிதானமாகப் படித்தால் எவ்வளவு தெரியும்? மூன்றாம் மாதம் எடுத்த ஒரு ஸ்கேன் தாளை வைத்துக்கொண்டு பார்ப்போம். மேலே மருத்துவமனையின் பெயர், தாயின் பெயர், வயது, நோயாளி எண், ஸ்கேன் எடுத்த நாள், மணி, நிமிடம். கீழ்மூலையில் குழந்தையின் உச்சந்தலையிலிருந்து புட்டம்வரை அளந்த நீளம்: `CRL 6.1 cm`. அதற்குப் பக்கத்தில் `GA 12w4d`, அதாவது கருவின் வயது 12 வாரம் 4 நாள்.

குடும்பத்தார் விவரம் தெரிந்தவர்கள், தாயின் பெயரை மறைத்துவிட்டார்கள் என்றே இருக்கட்டும். ஸ்கேன் தேதி மார்ச் 5 என்று மட்டும் தெரிகிறது. 12 வாரம் 4 நாள் என்றால் 88 நாள். கர்ப்பக் கணக்கு மொத்தம் 280 நாள். மிச்சம் 192. மார்ச் 5-லிருந்து 192 நாள் எண்ணினால் செப்டம்பர் 13 வரும். அதுதான் பிரசவத்துக்குக் குறித்த நாள். பின்னோக்கி 88 நாள் எண்ணினால் டிசம்பர் 7: கர்ப்பக் கணக்கு தொடங்கும் நாள், அநேகமாக அந்தப் பெண்ணுக்குக் கடைசியாக மாதவிடாய் வந்த நாளை ஒட்டியது. கணக்கைச் செய்ய மருத்துவம் படித்திருக்க வேண்டாம், நாட்காட்டி போதும். வேலைக்கு நேர்காணல் போய்விட்டு வந்த இடத்து மேலாளருக்கும் இந்தக் கணக்கு வரும்.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்துக்குள்தான் நேர்கின்றன. ஏழாவது வாரத்துப் படத்தை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, பத்தாவது வாரத்தில் கரு கலைந்தால், வாழ்த்திய ஒவ்வொருவருக்கும் அந்தப் பெண் பதில் சொல்லியாக வேண்டும். சில மாதம் கழித்துக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பவரிடமும் சொல்ல வேண்டும்.

பெயரை மறைப்பவர்கள்கூட எண்ணை விட்டுவிடுகிறார்கள். வெறும் இலக்கங்கள்தானே என்று தோன்றும். ஆனால் அது அந்த மருத்துவமனையில் அவருடைய எல்லாப் பதிவுகளையும் கோக்கும் நூல். ரத்தப் பரிசோதனை, பழைய அறுவைச் சிகிச்சை, மனநல ஆலோசனை எல்லாம் அதே எண்ணில் இருக்கலாம். பல ஸ்கேன் மையங்களிலும் ஆய்வகங்களிலும் அறிக்கையை இணையத்தில் இறக்கிக்கொள்ளக் கேட்பது இரண்டே விவரம்: பதிவு எண், அதோடு கைப்பேசி எண் அல்லது பிறந்த தேதி. முதலாவது படத்திலேயே இருக்கிறது. இரண்டாவது, நண்பர்கள் வட்டத்தில் பலருக்கும் தெரிந்தது. தாளில் கியூ.ஆர். கட்டம் அச்சாகியிருந்தால் இன்னும் சுலபம். படத்தைப் பெரிதாக்கி வேறொரு கைப்பேசியால் அதைப் படித்துவிட முடியும்.

எண் தெரிந்தவர் தொலைபேசியில் பேசினால் குரலுக்கே ஒரு நம்பகம் வந்துவிடுகிறது. 'மார்ச் 5 அன்று எடுத்த ஸ்கேன், நோயாளி எண் இது, அறிக்கையில் ஒரு சந்தேகம், இன்னொரு பரிசோதனைக்கு உடனே பணம் கட்டுங்கள்' என்று யாராவது சொன்னால், பயந்து போயிருக்கும் தாய் அது மோசடி என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அரசின் மகப்பேறு நிதியுதவித் தவணை என்று சொல்லி வங்கி விவரம் கேட்பவருக்கும் இதே விவரங்கள்தான் துணை.

பெயர் இல்லாத பதிவிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நேரடிச் சோதனையே நடந்திருக்கிறது. அங்கே வாஷிங்டன் மாநில அரசு, மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களின் பதிவுகளைப் பெயர் நீக்கி 50 டாலருக்கு விற்றுவந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லட்டான்யா ஸ்வீனி அதை வாங்கினார். விபத்தில் சிக்கியவர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் என்று உள்ளூர்ச் செய்தித்தாள்களில் பெயரோடு வந்த 81 செய்திகளை எடுத்துக்கொண்டு, மாதம், மருத்துவமனை, வயது போன்றவற்றைப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தார். 35 பேர் யார் யார் என்று தெரிந்துவிட்டது. செய்தித்தாள் சொல்லாத நோய்களும் அந்தப் பதிவுகளில் இருந்தன. 2013-இல் இந்த முடிவு வெளியானது. பெயர் நீக்கிய பதிவையும் பெயரோடு வந்த செய்தியையும் இணைக்கும் ஆணிகளில் காலக்குறிப்பும் ஒன்று என்பதை அவர் காட்டினார்.

இந்தியச் சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் இடமும் உண்டு. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானாகவே பொதுவெளியில் வைத்த தன் தரவுக்குப் பொருந்தாது என்று மூன்றாவது பிரிவிலேயே சொல்கிறது. மருத்துவமனை கசியவிட்டால் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். அதே தாளைத் தாயே எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

சரி, எப்படி மறைப்பது? பலரும் செய்வது கைப்பேசியின் 'மார்க்கர்' தூரிகையால் கறுப்பாகக் கிறுக்குவது. அதில்தான் வம்பு. சில தூரிகைகள் முழுக் கறுப்பு அல்ல, கண்ணாடிக் காகிதம் போல ஊடுருவும் தன்மை கொண்டவை. நாலு முறை தேய்த்ததும் கறுப்பாகத் தெரியும். ஆனால் படத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் அடியில் இருக்கும் எழுத்து எட்டிப் பார்க்கும்.

மங்கலாக்குவதும் நம்பத்தக்கதல்ல. 2007-இல் சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போல், தன் முகத்தைச் சுழி போலத் திரித்துப் படங்களை வெளியிட்டுவந்த ஒரு குற்றவாளியின் மீட்டெடுக்கப்பட்ட முகத்தை வெளியிட்டது. சில நாட்களில் அவன் தாய்லாந்தில் பிடிபட்டான். திரித்ததைத் திருப்பிச் சுழற்ற முடிந்ததற்குக் காரணம், தகவல் அழியவில்லை, இடம் மாறித்தான் இருந்தது. அச்செழுத்து முகத்தைவிட எளிது. இருப்பது பத்து இலக்கங்கள். ஒவ்வொன்றையும் மங்கலாக்கினால் எப்படித் தெரியும் என்று ஒப்பிட்டுப் பார்த்தே ஊகித்துவிடலாம்.

மேல்வரியை வெட்டிவிட்டால்? பொதுவாக நல்ல வழிதான். ஆனால் 2023 மார்ச்சில் ஒரு பிழை வெளியே வந்தது. கூகுள் பிக்சல் கைப்பேசிகளில் திரைப்பிடிப்பை வெட்டிச் சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு அதே கோப்பின் வாலில் தங்கியிருந்தது. அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுக்க முடிந்தது. விண்டோஸின் திரைப்பிடிப்புக் கருவியிலும் அதே வகைப் பிழை இருந்தது. இரண்டும் சரிசெய்யப்பட்டுவிட்டன, ஆனாலும் அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் அனுப்பப்பட்ட படங்கள் எங்கெங்கோ கிடக்கின்றன. பவர்பாயின்டில் படத்தின்மேல் கறுப்புக் கட்டம் வைப்பது இன்னும் மோசம். கட்டத்தை இழுத்தால் நகர்ந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பத்திரமான வழிக்குச் செயலியே தேவையில்லை. படம் எடுப்பதற்கு முன்பே தாளின்மேல் ஒரு கெட்டி அட்டையை வைத்துவிட வேண்டும். கேமராவுக்குள் போகாத எழுத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. செலோ டேப் ஒட்டக் கூடாது. அந்த ஸ்கேன் தாள் வெப்பத்தால் அச்சாகும் வகை, பசை பட்டால் நாளடைவில் அச்சு மங்கிவிடும். லேமினேட் செய்யக் கொடுத்தால் சூட்டில் தாளே கறுத்துப்போகும், ஆசையாகப் பத்திரப்படுத்தப் போய்ப் படத்தை இழந்தவர்கள் பலர். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. போன்ற ஒளிபுகும் படச்சுருளாக இருந்தால் சன்னல் வெளிச்சத்தில் மெல்லிய காகிதம் உதவாது. எழுத்து அதையும் தாண்டித் தெரியும். அங்கே அட்டைதான் வேண்டும்.

ஏற்கெனவே எடுத்த படம் என்றால், தூரிகையை விட்டுவிட்டு, முழுக் கறுப்பு நிறைந்த செவ்வகத்தை வைத்து மறைக்கலாம். பிறகு அந்தத் திரையையே ஒரு திரைப்பிடிப்பாக எடுத்து, அதை மட்டும் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் வெளிச்சத்தையும் நிழல் பகுதியையும் முழுக்க ஏற்றிப் பார்த்தால் எட்டிப் பார்க்கும் எழுத்து தெரிந்துவிடும். கோப்பின் பெயரையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. மையம் மின்னஞ்சலில் அனுப்பிய படத்துக்குத் தாயின் பெயரும் தேதியுமே பெயராக இருப்பது வழக்கம். குழந்தை அசையும் காணொளியைப் பகிர்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் ஒவ்வொரு சட்டகத்திலும் மேல்வரி இருக்கும்.

மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கும்போது மட்டும் எதையும் மறைக்கக் கூடாது. பெயரும் தேதியும் இல்லாத படம் வேறொருவருடையதோடு கலந்துவிடலாம், பழைய படம் புதியதாகப் படிக்கப்படலாம். அதை அவருக்கு நேரடியாக அனுப்ப வேண்டும், குழுவில் போடக் கூடாது. பொதுவில் போடும் படத்திலும் அளவுகோலையும், எக்ஸ்ரேயில் இடது, வலது என்று காட்டும் எழுத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அவை யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

எழுத்தை முழுதாக மறைத்தும் ஆள் தெரிந்துவிடும் ஒரு ஸ்கேன் உண்டு: தலைக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 தன்னார்வலர்களின் மூளைப் படங்களிலிருந்து முகத்தோற்றத்தைக் கட்டியெடுத்து, முகமறியும் மென்பொருளால் அவர்களுடைய புகைப்படங்களோடு ஒப்பிட்டார்கள். 70 பேரைச் சரியாக அடையாளம் கண்டது மென்பொருள். 2019-இல் இது வெளியானது. பல அடுக்குகளாக இருக்கும் மூலக் கோப்பு இருந்தால்தான் இது சாத்தியம், ஒற்றைப் படத்தால் முடியாது. ஆகவே மையம் குறுந்தகட்டில் தரும் `.dcm` கோப்புகளை எங்கும் ஏற்றாமல் இருப்பதே நல்லது. அவற்றுக்குள் பெயர், பிறந்த தேதி, மருத்துவர் பெயர் எல்லாம் தனியாக எழுதப்பட்டிருக்கும், படத்தைக் கறுப்படித்தாலும் அவை அப்படியே இருக்கும்.

மேல்விளிம்பிலும் கீழ்மூலையிலும் அட்டை வைத்து எடுத்த படத்தில் மிஞ்சுவது தலை, வயிறு, தூக்கிய கை. அதைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அத்தை கேட்பார்: "எப்பம்மா தேதி குடுத்திருக்காங்க?" அவருக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லிவிடலாம்.