ஃப்ரெஞ்சில் இரண்டு எதிர்காலங்கள்

ஒரு பெண்ணைப் பற்றி, ‘எல் வா அவ்வார் அன் நான்ஃபான்’ என்றால், அவள் இப்போது கருவுற்றிருக்கிறாள் என்றே ஃப்ரெஞ்சுக்காரர் பெரும்பாலும் புரிந்துகொள்வார். ‘எல் ஓரா அன் நான்ஃபான்’ என்றால், என்றாவது ஒரு நாள் அவளுக்குக் குழந்தை பிறக்கும், அவ்வளவுதான். முதலாவது ஃப்யூதூர் ப்ரோஷ். அதன் வேர் நிகழ்காலத்தில் இருக்கிறது. இரண்டாவது ஃப்யூதூர் ஸேம்ப்ல்; அது நிகழ்காலத்தோடு ஒட்டாமல் தள்ளி நிற்கிறது. எத்தனை நாள் தள்ளி என்பதைவிட இந்த ஒட்டுதல்தான் முக்கியம். பல பாடநூல்கள் இதைச் சொல்லாமல் விடுவது வருத்தம்.

ப்ரோஷ் அமைப்பது எளிது: ‘போ’ என்னும் பொருளுள்ள ‘அலே’ வினையின் நிகழ்கால வடிவத்துடன் முழு வினையைச் சேர்த்தால் போதும். ஸேம்ப்லில்தான் மனப்பாடம் தேவை. ‘பார்லே’ (பேசு) ஒழுங்காக ‘பார்லெரே’ (பேசுவேன்) ஆகிறது. ஆனால் ‘அலே’, ‘அலெரே’ ஆகாது, ‘இரே’ ஆகிறது. இப்படியே ‘எத்ர்’ (இரு) ‘ஸெரே’ என்றும், ‘அவ்வார்’ (உடைத்தாயிரு) ‘ஓரே’ என்றும், ‘ஃபேர்’ (செய்) ‘ஃபெரே’ என்றும் மாறுகின்றன. அடிச்சொல் எப்படித் திரிந்தாலும் அதன் கடைசியில் ‘ர்’ ஒலி கட்டாயம் நிற்கும். விகுதிகளோ எல்லா வினைக்கும் ஒன்றே. ஆகவே, ‘நான்’ வடிவத்தை மட்டும் நெட்டுருப் போட்டால் மற்ற ஐந்தும் தாமே வரும்.