பேக்கப் பெட்டி காலியாக இருந்தது

2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் கட்டளையைத் தட்டிவிட, சுமார் 300 ஜிபி தரவு அழிந்தது. பேக்கப்பைத் தேடிப் போனால் அங்கே எதுவுமில்லை. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சரியாகக் கையொப்பமிடப்படாமல் திருப்பியடிக்கப்பட்டன. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் கைகொடுத்தது.

நம்மூர் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்கேன் செய்த ரசீதுகளும் கணக்குகளுமாக 200 ஜிபி, தினமும் புதிதாக ஒரு ஜிபி. ‘ரெஸ்டிக்’ என்ற இலவச மென்பொருள் இவற்றைப் பூட்டியே அனுப்பும். சேமித்து வைக்கும் கிளவுட் நிறுவனத்தால்கூடப் படிக்க முடியாது. கடவுச்சொல் தொலைந்தால் நமக்கும் அதே கதிதான், மீட்டுத் தர ஆளில்லை. அதைத் தாளில் எழுதி, அலுவலகத்துக்கு வெளியே, வங்கி லாக்கர் போன்ற இடத்தில் வைக்க வேண்டும். அலுவலகக் கணினியிலேயே ஒரு கோப்பில் எழுதி வைப்பவர்களும் உண்டு. கணினி போனால் சாவியும் போச்சு.

எத்தனை நாள் நகல்களை வைத்திருப்பது? தவறு எப்போது கண்ணில் படும் என்பதைப் பொறுத்தது. ஏப்ரலில் பதிந்து மே மாதம் கைதவறி அழிந்த வவுச்சர், அடுத்த ஆண்டு செப்டம்பர் ஆடிட்டில்தான் தெரியவரும். ஏழு நாள் நகல் மட்டும் இருந்தால் அதைத் தேடிப் பயனில்லை. ஏப்ரல் கடைசி நகல் செப்டம்பர்வரை இருக்க, 18 மாத நகல்கள் வேண்டும்:

```
restic forget --keep-daily 7 --keep-weekly 4 --keep-monthly 18 --prune --dry-run
```

அதிகபட்சம் 29 நகல்கள். ஒவ்வொன்றும் 200 ஜிபி முழு நகல் என்றால் 5,800 ஜிபி வரை ஆகியிருக்கும். ரெஸ்டிக் மாறாத பகுதியை மறுபடி சேமிப்பதில்லை என்பதால் 200 ஜிபியோடு 18 மாதப் புதுத் தரவு மட்டுமே சேரும், ஏறக்குறைய 750 ஜிபி. பழையதை நீட்டித்து வைப்பதற்கு ஆகும் செலவு, பயப்படுகிற அளவு இல்லை.

சரிபார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. `restic check` மட்டும் கொடுத்தால் அது பட்டியல்களையும் கட்டமைப்பையும்தான் பார்க்கும், உள்ளேயிருக்கும் தரவைப் படிக்காது. ஜனவரியில் `--read-data-subset=1/12`, பிப்ரவரியில் `2/12` என்று சேர்த்துக் கொடுத்தால், அந்தந்த மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கை இறக்கிப் படித்துப் பார்க்கும். இதுவும் சரியான ஃபோல்டரைத்தான் நகலெடுத்தோமா என்று சொல்லாது. அதற்கு, மாதமொருமுறை வேறொரு கணினியில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கை மீட்டுத் திறந்து, டிரையல் பேலன்ஸை அச்சிட்ட தாளோடு ஒப்பிட வேண்டும்.

மேலே உள்ள கட்டளையின் கடைசியில் `--dry-run` இருப்பது எதை அழிக்கும் என்று காட்ட மட்டுமே. பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகே அதை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், `--prune` அழித்தது திரும்பாது.