பூட்டி பார்க்கிறார், பிள்ளை கேட்கிறான்

1878 டிசம்பரில் லண்டனின் ‘பஞ்ச்’ நகைச்சுவை இதழுக்காக ஜார்ஜ் டு மோரியே ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். படுக்கையறைச் சுவரில் அகலமான ஒரு திரை. அதற்கு முன்னால் வயதான கணவனும் மனைவியும் பேசுகுழலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் இளம்பிள்ளைகள் மட்டையும் கையுமாக விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். தொலைபேசி வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. எடிசன் அடுத்து இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதுதான் கேலி.

அந்தத் திரையில் இருப்பது எந்த ஊர் என்று படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது. கீழே உள்ள படக்குறிப்பைப் படித்தால்தான் தெரியும்: அப்பா லண்டனில் இருக்கிறார், மகள் இலங்கையில் இருக்கிறாள். வீடியோ அழைப்பைக் கற்பனை செய்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று, இலங்கைக்குப் போட்ட அழைப்பாக அமைந்திருக்கிறது.

குறிப்பில் ஓட்டையும் உண்டு. பெற்றோர் தினமும் இரவு படுக்கப் போகும் முன் இந்தத் திரையைப் போட்டுப் பார்ப்பார்களாம். லண்டனில் இரவு பத்து மணி என்றால் அன்றைய இலங்கையில் விடிகாலை மூன்று மணிக்கு மேல் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளை மட்டையைத் தூக்கிக்கொண்டு விளையாடும்? நேர வித்தியாசம் குறிப்பு எழுதியவருக்கு மறந்துபோய்விட்டது.

இன்று கொள்ளுப்பேரனைத் திரையில் முதன்முதலாகப் பார்க்கும் மூதாட்டிகளின் படங்கள் குடும்பக் குழுக்களில் தினமும் வந்து விழுகின்றன. கீழே எழுதப்படுவது பெரும்பாலும் ‘தலைமுறை தாண்டிய பாசம்’, ‘விலைமதிப்பில்லாத தருணம்’ போன்ற வாசகங்கள்தான். அவற்றை எந்தப் படத்தின் கீழும் ஒட்டலாம். ஒரு கிழவியும் ஒரு கைபேசியும் மட்டும் தெரியும் படத்துக்கு வேண்டியது வேறு: யார், யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், எந்த நேரம். இவற்றில் ஒன்றையும் படம் தானாகச் சொல்லாது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் 88 வயதுப் பூட்டி ஒருவர். அவருடைய மகளின் மகளுக்கு டொரண்டோ மருத்துவமனையில் ஆண்பிள்ளை பிறக்கிறது. அங்கே 2025 ஜனவரி 13, திங்கள் இரவு 8.15. குளிர்காலத்தில் டொரண்டோவை விட யாழ்ப்பாணம் பத்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கோடையில் கனடாக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் அது ஒன்பதரை ஆகிவிடும். ஆகவே அந்தக் கணத்தில் சாவகச்சேரியில் செவ்வாய்க்கிழமை காலை 6.45. ஜனவரி 14, தைப்பொங்கல். பூட்டிக்கு அது பொங்கலன்று பிறந்த பிள்ளை. கனடாவின் பிறப்புச் சான்றிதழிலோ 13ஆம் தேதி என்றிருக்கும். இரண்டும் சரி. படக்குறிப்பில் ஊர் பெயரில்லாமல் வெறும் தேதியைப் போட்டால் மட்டும் இருபது வருடம் கழித்து யாராவது ஒருவர் அதைப் ‘பிழை’ என்று திருத்தி வைப்பார்.

அன்று மாலையே முதல் அழைப்பு. சாவகச்சேரியில் இரவு 7.30, டொரண்டோவில் காலை 9 மணி. பிள்ளை பிறந்து பதின்மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த வீட்டுப் பையன் கைபேசியைப் பூட்டியின் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு கைபேசியில் அவரைப் படம் எடுக்கிறான்.

குறிப்பு எழுத உட்காருகிறவரின் கைக்கு முதலில் வரும் வாக்கியம் இப்படித்தான் இருக்கும்: ‘பூட்டியைக் கண்டதும் பிள்ளையும் சிரிக்கிறான்.’ படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்திருக்க வழியில்லை.

பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம் ஏறக்குறைய அது. அதற்கு அப்பால் எல்லாமே மங்கல். ஒருவரைப் பார்த்து, அவருக்காகச் சிரிப்பது பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் தொடங்குகிறது; முதல் நாட்களில் உதட்டில் ஓடும் சிரிப்பு தூக்கத்திலும் அரைத்தூக்கத்திலும் தானாக வந்து போவது. இதைவிட எளிய காரணம் ஒன்றும் உண்டு. பிள்ளையைக் காட்டும்போது பெற்றோர் பெரும்பாலும் கைபேசியின் பின்பக்கக் கேமராவைத்தான் திருப்புகிறார்கள். அப்போது திரை பெற்றோரின் பக்கம் இருக்கும். பிள்ளையின் முகத்துக்கு நேரே இருப்பது கைபேசியின் முதுகு.

அதற்காக அந்த அழைப்பில் பிள்ளைக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவனுக்குக் காது கேட்கிறது. 1980இல் அந்தனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பை வைத்துச் சோதித்தார்கள். ஒருவகையாகச் சப்பினால் தாயின் குரல் ஒலிக்கும். வேறுவகையாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். குழந்தைகள் தாயின் குரல் வரும்படியே சப்பினார்கள். கருவிலேயே கேட்டுப் பழகிய குரல் அது. பூட்டியின் குரலை நம் பிள்ளை அடையாளம் கண்டுவிட்டான் என்று இதைக் கொண்டு எழுத முடியாது. ஆனால் பூட்டி பேசும்போது அது அவன் காதில் விழுந்தது என்று தாராளமாக எழுதலாம். பூட்டி என்ன சொன்னார் என்பதைச் சொன்னபடியே அன்றைக்கே குறித்துவைத்தால், படக்குறிப்புக்கு அதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. “முழிச்சிருக்கிறானோ? ஆற்ற சாயல்?” என்று அவர் கேட்டிருந்தால் அதை அப்படியே போடவேண்டியதுதான்.

‘கண்ணோடு கண் நோக்கி’ என்பதும் ஆகாது. கேமரா திரையின் மேல்விளிம்பில் இருக்கிறது, பிள்ளையின் படமோ திரையின் நடுவில். ஆசையாய்த் திரையைப் பார்க்கிற எவருடைய கண்ணும் மறுமுனையில் கீழ்நோக்கியே தெரியும். அழைப்பின் நடுவே திரையைப் படம்பிடித்து வைக்கிறவர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். மூலையில் தெரியும் நம்முடைய சிறுபடம் பெரும்பாலான செயலிகளில் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும். எதிர்முனையில் இருப்பவரின் படம் மாறாது. ‘வலது கையால் ஆசி வழங்குகிறார்’ என்று எழுதும் முன் அது எந்தக் கை என்று பார்த்துக்கொள்வது நல்லது. திரைப்பிடிப்பின் மேலே தெரியும் மணியும் அந்தக் கைபேசி இருக்கும் ஊரின் மணிதான்.

திரைப்பிடிப்பை விட அடுத்த வீட்டுப் பையன் எடுத்த படமே நல்ல படம். அதில் பூட்டியின் கை, நாற்காலி, அறை எல்லாம் இருக்கிறது. இரவு விளக்கில் எடுத்தால் கைபேசித் திரை மட்டும் வெள்ளையாக வெளுத்துப்போய்ப் பிள்ளை காணாமல் போவான். அழைப்பு நடக்கும் கைபேசியின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, படம் எடுக்கும் கைபேசியில் அந்தத் திரை தெரியும் இடத்தைத் தொட்டால் இரண்டும் ஓரளவு சமனாகும்.

உறவைச் சொல்வதில்தான் வீட்டுப் படக்குறிப்புகள் அதிகம் சறுக்குகின்றன. பிள்ளையின் அம்மம்மா எழுதினால் ‘அம்மாவும் பேரனும்’ என்பார். பிள்ளையின் தாய் எழுதினால் ‘அம்மம்மாவும் மகனும்’. ஒரே படம், ஒரே கிழவி. முப்பது வருடம் கழித்து இந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார்க்கப்போகிறவன் அந்தப் பிள்ளைதான் என்பதால், உறவை அவன் பக்கத்திலிருந்து சொல்வதே முறை. கூடவே பூட்டியின் முழுப்பெயரும் வேண்டும். ‘பூட்டி’ என்று மட்டும் எழுதினால், அவனுக்கு இருக்கும் நாலு பூட்டிகளில் இவர் யார் என்று அவனுக்கே தெரியாது.

அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், படக்குறிப்பைப் பொதுவாக இரண்டு வாக்கியத்தில் எழுதச் சொல்கிறது. முதலாவது, படத்தில் நடப்பதை நிகழ்காலத்தில், ஊரும் நாளும் சேர்த்துச் சொல்லும். இரண்டாவது, படத்தில் தெரியாத பின்னணியைச் சொல்லும். அந்த அச்சில் நம் படத்துக்கு எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

‘சாவகச்சேரி வீட்டில், 2025 தைப்பொங்கலன்று இரவு 7.30 மணிக்கு (டொரண்டோவில் காலை 9.00), தன் மகளின் மகள் பெற்ற ஆண்பிள்ளையை முதன்முதலாகக் கைபேசித் திரையில் பார்க்கிறார் 88 வயதுப் பூட்டி. டொரண்டோ மருத்துவமனையில் பிள்ளை பிறந்து பதின்மூன்று மணி நேரம் ஆகவில்லை, தூக்கத்தில் இருந்த அவனிடம் பூட்டி கேட்ட முதல் கேள்வி, “முழிச்சிருக்கிறானோ?”’

முழுப்பெயரையும் படம் எடுத்தவன் பெயரையும் சேர்த்துவிட்டால் வீட்டு ஆல்பத்துக்கு இது போதும். பாசம் என்ற சொல் எங்கும் இல்லை. தேவைப்படவும் இல்லை.

ஊரெல்லாம் பார்க்கப் போடுவதற்கு வேறு ஒரு குறிப்பு வேண்டும். அதில் மருத்துவமனையும் பிறந்த நாளும் நேரமும் போகட்டும். ‘மகளின் மகள் பெற்ற பிள்ளை’ என்பது போதும். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை பிள்ளையின் முகத்தை வெளியாருக்குக் காட்ட விரும்பமாட்டார்கள். ஆகவே பெற்றோரைக் கேட்காமல் எதையும் ஏற்றக்கூடாது. படத்தையும் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும்: பிள்ளையின் மணிக்கட்டிலோ கணுக்காலிலோ மருத்துவமனை கட்டிய பட்டையில் தாயின் பெயரும் அடையாள எண்ணும் படிக்கும்படி இருக்கக்கூடும்.

குறிப்பை எங்கே எழுதி வைப்பது என்பதும் ஒரு சிக்கல். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், எடுத்த நாள், நேரம், இடம் என்று கேமரா உள்ளே எழுதிவைத்த விவரம் நீங்கிவிடும். ஆண்ட்ராய்டில் படம் IMG-20250115-WA0007.jpg என்பதுபோல ஒரு பெயரோடு வந்து சேரும். அந்தப் பெயரில் இருக்கும் தேதி, படம் எடுத்த தேதி அல்ல. அது வாட்ஸப் வழியாகப் போன தேதி. அதை நம்பிக் குறிப்பு எழுதியவர்கள்தான் பொங்கலன்று எடுத்த படத்தை மறுநாள் படமாக்குகிறார்கள். படத்தை ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால் அசல் விவரம் அப்படியே வரும். படத்துக்குக் கீழே தட்டிய செய்தியும் அந்த உரையாடலுக்குள் மட்டும்தான் இருக்கும். படத்தைச் சேமித்தால் கூடவே வராது.

அச்சுப் போட்டு வைப்பது இன்னும் பத்திரம். இப்போதைய புகைப்படத் தாளின் பின்பக்கம் வழவழப்பானது, பென்சில் பிடிக்காது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முன்பக்கம் பூட்டியின் முகத்தில் புடைக்கும். புகைப்படத்துக்கென்று விற்கும் மென்முனைப் பேனாவால் ஓரத்தில் எழுதி, மை நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும்.