பிடிஎஃப் அச்சில் ஓரம் ஏன் வெட்டுப்படுகிறது?

கல்லூரி விண்ணப்பப் படிவத்தை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கிறார் ஒரு மாணவி. கைப்பேசியில் பார்த்தபோது படிவம் முழுதாகத்தான் இருந்தது. சுற்றிலும் கட்டக்கோடு, அடியில் ‘விண்ணப்பதாரர் கையொப்பம்’ என்ற வரி, அதற்கும் கீழே பக்க எண். தாளில் வந்ததில் மேல்கோடும் இல்லை, கையொப்ப வரியும் இல்லை.

“அண்ணா, கீழ ஒரு வரியைக் காணோமே?”

“உங்க ஃபைலே அப்படித்தான் இருக்கும்மா.”

ஃபைலில் குறை இல்லை. பிரிண்டரும் பழுதாகவில்லை. இரண்டுக்கும் நடுவே தாளின் அளவைப் பற்றி ஒத்துப்போகாத கணக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்ய அரை நிமிடம் போதும். ஆனால் எந்த இடத்தில் கைவைப்பது என்று தெரிய, ஓரம் எப்படி வெட்டுப்படுகிறது என்பது முதலில் புரிய வேண்டும்.

பக்கத்துக்கு ஒரு அளவு, தாளுக்கு ஒரு அளவு

வேர்டு கோப்பைத் திறந்து தாளின் அளவை மாற்றினால் வரிகள் மடங்கி இடம் மாறும். பிடிஎஃப் அப்படி நெகிழாது. அதை உருவாக்கும்போதே ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் அகலமும் கோப்புக்குள் பதிவாகிவிடுகின்றன. எந்த எழுத்து எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதும் அப்போதே முடிவாகிவிடும். யார் எங்கே திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான். அச்சில் சிக்கல் வருவதற்கும் இதுதான் காரணம். தாள் சிறியதாக இருந்தால் வரிகள் ஒதுங்கி இடம் கொடுக்காது. மீறியது வெளியே நின்றுவிடும்.

நம் ஊரில் புழங்குவது ஏ4 தாள்: 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்குவது லெட்டர் தாள்: ஏறத்தாழ 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். அதாவது லெட்டர் தாள் ஏ4-ஐ விட 6 மி.மீ. அகலம் கூடியது, 18 மி.மீ. உயரம் குறைந்தது. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால்தான் தெரியும். பிரிண்டரைக் கணினியில் புதிதாக இணைக்கும்போது, கணினியின் நாடு, மொழி அமைப்புகள் அமெரிக்க முறையில் இருந்தால், தாளின் அளவு லெட்டர் என்றே பதிவாகிவிடுவது உண்டு. ட்ரேயில் ஏ4 கட்டு இருக்கும். மென்பொருளோ லெட்டர் தாள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்கிறது. பெரும்பாலான பிரிண்டர்களால் தாளின் விளிம்புவரை அச்சிட முடியாது. லேசர் பிரிண்டரில் தாள் உள்ளே போகும்போது ஓரிரு மில்லிமீட்டர் நகரலாம். அப்போது விளிம்பில் இருக்க வேண்டிய மைத்தூள் தாளுக்கு வெளியே உருளைகளில் விழுந்தால், அடுத்து வரும் பக்கங்களிலெல்லாம் கறை படியும். இங்க்ஜெட்டில் தாளைப் பிடித்து நகர்த்தும் உருளைகளுக்குத் தாளின் கடைசிப் பகுதியில் பிடிமானம் குறையும். அதனால் நான்கு புறமும் ஒரு வெற்று ஓரத்தை விட்டுவிடுகிறார்கள். பல லேசர் பிரிண்டர்களில் இது ஏறத்தாழ 4 மி.மீ. அந்தப் பட்டைக்குள் பிடிஎஃப்பில் என்ன இருந்தாலும் தாளில் விழாது.

கையொப்ப வரி போன கணக்கு

இப்போது மாணவியின் படிவத்துக்கு வருவோம். படிவம் ஏ4 அளவில் செய்தது, உயரம் 297 மி.மீ. மென்பொருள் நினைக்கும் லெட்டர் தாளின் உயரம் 279 மி.மீ. சுருக்காமல் அசல் அளவிலேயே அச்சிடச் சொன்னால், படிவம் அந்தத் தாளின் நடுவில் வைக்கப்படும். மிஞ்சும் 18 மி.மீ. இரண்டாகப் பிரிந்து, மேலே 9, கீழே 9 என்று வெளியே நிற்கும். அச்சிட முடியாத 4 மி.மீ. ஓரத்தையும் சேர்த்தால், படிவத்தின் தலையிலும் அடியிலும் சுமார் 13 மி.மீ. காணாமல் போகும். கட்டக்கோடு விளிம்பிலிருந்து 8 மி.மீ. தள்ளியும், கையொப்ப வரி 10 மி.மீ. தள்ளியும் இருந்தால், இரண்டுமே அந்த 13 மி.மீ. பட்டைக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கோளாறைக் கையில் உள்ள தாளை வைத்தே கண்டுபிடிக்கலாம். அடி வரி வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் அதற்குக் கீழே தாளில் இரண்டு செ.மீ. வெள்ளையாக, காலியாக இருக்கும். இடம் இருந்தும் வரி இல்லை என்றால், மென்பொருள் தாளைக் குட்டையாக நினைத்திருக்கிறது என்று பொருள். சில பிரிண்டர்கள் இந்த முரண்பாட்டைக் கண்டுபிடித்து, லெட்டர் தாள் வை என்று கேட்டு நின்றுவிடும். பல பிரிண்டர்கள் எதுவும் சொல்லாமல் அச்சிட்டுத் தள்ளிவிடும்.

மாறாக, தாளின் விளிம்புக்கு அருகே 4 மி.மீ. மட்டும் நான்கு புறமும் ஒரே சீராக வெள்ளை விழுந்து, அங்கிருந்த கோடு மட்டும் போயிருந்தால், தாளின் அளவு சரியாகவே இருக்கிறது. பிரிண்டரின் வெற்று ஓரம்தான் கோட்டைத் தின்றிருக்கிறது. திரையில் பார்க்கும்போதே வரி பாதியாகத் தெரிந்தால், பிடிஎஃப் செய்தவரே வெட்டிவிட்டார். அதற்கு அச்சு அமைப்புகளில் மருந்து இல்லை. வேறு பிரதி கேட்டு வாங்க வேண்டியதுதான்.

எதை முதலில் மாற்றுவது?

முதலில் தாளின் அளவு, பிறகுதான் சுருக்கம். இந்த வரிசை முக்கியம். அடோபி ரீடரில் கோப்பைத் திறந்து Ctrl+D அழுத்தினால் வரும் விவரப் பெட்டியில் `Page Size` என்ற இடத்தில் பிடிஎஃப் பக்கத்தின் அளவு இருக்கும். 8.27 x 11.69 என்று அங்குலத்தில் காட்டினால் அது ஏ4. 8.5 x 11 என்றால் லெட்டர். அடுத்து Ctrl+P அழுத்தி, `Page Setup` பட்டனில் தாளின் அளவை ட்ரேயில் உண்மையில் இருக்கும் தாளுக்கு ஏற்ப `A4` என்று மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் மாற்றும் தொல்லை வேண்டாம் என்றால், விண்டோஸில் பிரிண்டரின் `Printing preferences` பகுதியில் ஒருமுறை ஏ4 என்று வைத்துவிடலாம். ஜெராக்ஸ் கடைக்காரர் செய்ய வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

அதே அச்சுப் பெட்டியில் `Size` என்ற தலைப்பின் கீழ் நான்கு தேர்வுகள் இருக்கும். `Actual size` பக்கத்தை நூறு சதவீத அளவில் வைக்கும், மீறுவதை வெட்டும். `Fit` பக்கம் முழுவதையும் அச்சிடக்கூடிய பரப்புக்குள் அடங்கும்படி சுருக்கும். பக்கம் சிறியதாக இருந்தால் பெரிதாக்கவும் செய்யும். `Shrink oversized pages` பெரிய பக்கங்களை மட்டும் சுருக்கும், சிறியதைத் தொடாது. `Custom Scale` என்பதில் சதவீதத்தை நாமே கொடுக்கலாம். குரோமில் பிரின்ட் எடுப்பவர்கள் `More settings` என்பதைத் திறந்தால் `Scale` என்ற இடத்தில் `Fit to printable area` என்று இருக்கும். படிவத்துக்கு அதுதான் பொருத்தம். பக்கத்திலேயே இருக்கும் `Fit to paper` தாளின் முழு அளவுக்குப் பொருத்துவதால், பிரிண்டரின் வெற்று ஓரத்தில் கோடு சிக்கிக்கொள்ளலாம்.

மாணவியின் படிவத்தில் தாளை ஏ4 என்று திருத்தி `Fit` கொடுத்தால் என்ன நடக்கும்? 210 மி.மீ. அகலத் தாளில் இருபுறமும் 4 மி.மீ. கழித்தால் 202 மி.மீ. மிஞ்சும். 202-ஐ 210-ஆல் வகுத்தால் 96 சதவீதம். உயரத்துக்கு 97 சதவீதம் வரும், ஆனால் இரண்டில் குறைந்ததையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 12 புள்ளி எழுத்து 11.5 புள்ளியாகும். கண்ணுக்குத் தெரியாத மாற்றம்தான். தாளின் அளவைத் திருத்தாமல், லெட்டர் என்று இருக்கும்போதே `Fit` கொடுத்தாலும் கையொப்ப வரி வந்துவிடும். ஆனால் படிவம் 91 சதவீதமாகச் சுருங்கி, கீழே தேவையில்லாத வெள்ளையோடு நிற்கும். தாளின் அளவை முதலில் திருத்தச் சொல்வது இதனால்தான்.

பிரிண்டரின் சொந்த அமைப்புப் பெட்டியிலும் பக்கத்தைச் சுருக்கும் ஒரு தேர்வு இருக்கும். அதுவும் ரீடரின் `Fit`-ம் ஒரே நேரத்தில் இயங்கினால் இரண்டு முறை சுருங்கும். 96-இல் 96 சதவீதம் என்றால் 92. நினைத்ததை விட அச்சு சிறியதாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள்.

எதைச் சுருக்கக் கூடாது?

அளவே முக்கியமான அச்சுக்கு `Fit` கெடுதல். 35 மி.மீ. அகலமும் 45 மி.மீ. உயரமும் இருக்க வேண்டிய புகைப்படத்தை 96 சதவீதத்தில் அச்சிட்டால் 33.6-க்கு 43.2 மி.மீ. ஆகிவிடும். அளவைச் சரிபார்க்கும் இடத்தில் படம் திருப்பி அனுப்பப்படலாம். தையல் மாதிரித் தாளில் 4 சதவீதம் குறைந்தால், 90 செ.மீ. சுற்றளவுக்கு வெட்டிய துணி மூன்றரை செ.மீ. இறுக்கமாகிவிடும். கட்டட வரைபடமும் அப்படித்தான். இவற்றை `Actual size` வைத்து, தாளின் அளவைச் சரியாகக் கொடுத்தே எடுக்க வேண்டும். நல்ல தையல் மாதிரிகளில் ஓர் அங்குலச் சதுரம் சோதனைக்காக வரைந்திருப்பார்கள். முதல் பக்கத்தை மட்டும் எடுத்து, அந்தச் சதுரத்தை ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு மீதியை எடுக்கலாம். 25.4 மி.மீ. இருக்க வேண்டும். 24 மி.மீ. அளவில் இருந்தால் எங்கோ ஒரு சுருக்கம் இன்னும் இயங்குகிறது.

படிவத்தைத் தயாரிப்பவர்கள் நினைத்தால் இந்தச் சிக்கலே வராது. மேலே பார்த்த கணக்கில், தாளின் அளவு தவறியும் சுருக்கம் இல்லாமலும் போனபோது வெட்டுப்பட்டது தலையிலும் அடியிலும் 13 மி.மீ. தான். படிவத்தை வடிவமைக்கும்போதே நான்கு புறமும் 15 மி.மீ. ஓரம் விட்டு, கோடும் கையொப்ப வரியும் அதற்குள் நிற்கும்படி செய்தால் பெரும்பாலான கடைகளில் எந்த அமைப்பில் அச்சிட்டாலும் படிவம் முழுதாக வரும். சில மென்பொருள்கள் பக்கத்தை நடுவில் வைக்காமல் மேல் விளிம்போடு ஒட்டி வைத்து, 18 மி.மீ. முழுவதையும் அடியிலேயே வெட்டும். அதையும் சமாளிக்க, கையொப்ப வரியை மட்டும் அடியிலிருந்து 25 மி.மீ. மேலே ஏற்றி வைக்கலாம். ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராக வெவ்வேறு கடைகளில் பிரின்ட் எடுக்கப்போகும் படிவத்துக்கு இந்த 25 மி.மீ. இடம் பெரிய செலவு அல்ல.