மைக்கின் இரைச்சல் எங்கிருந்து வந்தது?

தமிழ்த்தின விழாவுக்கு நான்கு நாள்கள் இருக்கும்போது நடந்த ஒத்திகையில் என் தங்கையின் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்த நேரமெல்லாம் ஒலிபெருக்கியிலிருந்து "கர்ர்ர்" என்ற இரைச்சல்தான் வந்தது. "மைக்கை இறுக்கிப் பிடிங்க மகள்" என்றார் ஆசிரியை. அவள் இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். இரைச்சல் இன்னும் கூடியது. "தாத்தா, நான் பேச மாட்டேன்" என்று வீட்டுக்கு வந்து அழுதாள். அந்த மைக் வாப்பா வாங்கித் தந்த கரோக்கே தொகுதியினுடையது. அதனால் பழுதைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பாயிற்று.

வயர் இல்லாத மைக் ஒரு சிறிய வானொலி நிலையம். நம் குரலை அது ரேடியோ அலையில் ஏற்றி அனுப்புகிறது. மேடையருகே இருக்கும் வாங்கி அதைப் பிடித்து ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறது. வந்து சேரும் அலை பலமாக இருந்தால் குரல் தெளிவாக இருக்கும். பலம் குறைந்தால் அந்த இடத்தை இரைச்சல் பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் ஒத்திகைக்கு முன் மண்டபத்துக்குப் போனேன். முதலில் எங்கள் மைக்குகள் இரண்டையும் அணைத்துவிட்டு வாங்கியை மட்டும் போட்டேன். அப்போது அதில் அலை வருவதைக் காட்டும் விளக்கு எரியக் கூடாது. ஆனால் எரிந்தது. வேறு யாரோ எங்கள் அலைவரிசையில் இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். பக்கத்து அறையில் இன்னொரு வகுப்பினர் நாடகம் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமும் அதே மாதிரியான தொகுதி. இரு மைக்குகளின் பற்றரி மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் ஒரே மீடிறன்: 672.4 மெகாஹேட்ஸ். இடையிலிருந்த சுவர் ரேடியோ அலையைப் பெரிதாகத் தடுக்காது. ஒரே மீடிறனில் இரண்டு மைக் பேசினால் வாங்கி பலமானதைப் பிடிக்கும். இரண்டும் ஏறக்குறைய சம பலமாக இருந்தால் ஒன்றோடொன்று மோதி விசிலும் உறுமலும்தான் வரும். விலை குறைந்த தொகுதிகள் பலவற்றில் மீடிறனை மாற்ற முடியாது. ஆகவே ஒரு தரப்பு பேசும்போது மறுதரப்பு மைக்கை அணைத்து வைப்பதென்று பேசிக்கொண்டோம்.

இரைச்சல் குறைந்தது, ஆனால் போகவில்லை. இங்கேதான் பலரும் "இது காரணமல்ல" என்று விட்டுவிடுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பழுதுகள் இருக்கலாம்.

அடுத்து, மைக்கை வாங்கிக்கு ஒரு மீற்றர் அருகே கொண்டுவந்து பேசினேன். குரல் தெளிவாக வந்தது. தூரம் போகப் போக இரைச்சல் வந்தது. அப்படியானால் அலை வழியில் பலம் இழக்கிறது. வாங்கி இருந்த இடத்தைப் பார்த்தேன். மேடைக்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்குள்! உலோகம் ரேடியோ அலையை மறித்துவிடும். அதை வெளியே எடுத்து, பேசுபவரிலிருந்து பார்த்தால் தெரியும்படி, தலை உயரத்துக்கு மேலே ஒரு தட்டில் வைத்தேன். இரண்டு அன்ரெனாக்களையும் V எழுத்துப்போல விரித்துவிட்டேன். மைக்கை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒன்றாவது நன்றாகப் பிடிக்கும்.

தங்கையின் பிடியும் அப்போதுதான் புரிந்தது. எங்கள் மைக்கின் அன்ரெனா அதன் அடிமுனைக்குள் இருக்கிறது. நம் உடம்பு நீர் நிறைந்தது, அது அலையை உறிஞ்சும். இரு கைகளாலும் அடிவரை மூடிப் பிடித்தபோது அவள் அன்ரெனாவையே பொத்தியிருக்கிறாள். நடுப்பகுதியைப் பிடிக்கச் சொன்னேன்.

இனி எல்லாம் சரியென்று நினைத்தேன். பத்து நிமிடம் நன்றாக இருந்தது, பிறகு மீண்டும் "கர்ர்ர்". அணைத்துச் சிறிது நேரம் வைத்துப் போட்டால் மறுபடி நன்றாக இருந்தது. இது தளர்ந்த பற்றரியின் அடையாளம். ஓய்வில் அதன் அழுத்தம் சற்று ஏறும், வேலை கொடுத்ததும் இறங்கும். அழுத்தம் இறங்க, மைக் அனுப்பும் அலையும் தளர்கிறது. மூடியைத் திறந்தால் இரண்டு பற்றரிகளில் ஒன்று புதிது. மற்றது, வீட்டுச் சுவர்க்கடிகாரத்திலிருந்து தங்கை கழற்றிப் போட்டது. "அதில நல்லா ஓடிச்சே தாத்தா" என்றாள். கடிகாரத்துக்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதும். மைக்குக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். புதியதோடு பழையதைச் சேர்த்தால் பழையது முதலில் ஓய்ந்து இரண்டையும் நிறுத்திவிடும். ஒரே வகையில் புதிய சோடியொன்று போட்டோம்.

விழாவன்று அவள் பேசுவதற்குச் சற்று முன்பும் புதிய சோடி மாற்றினேன். பக்கத்து வகுப்பினர் தம் மைக்கை அணைத்து என்னிடமே தந்துவிட்டார்கள். அவள் மைக்கின் நடுவைப் பிடித்துக்கொண்டு பேசினாள். கடைசி வரிசையில் உம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டதாம்.