பத்து கார்டு முடிந்தது என்றால் கைடுக்கு என்ன புரியும்?

டீயைக் குடித்துக்கொண்டே கேள், தம்பி. ரிவ்யூ வருகிறது, கைடு இரண்டு பக்கத்தில் முன்னேற்ற அறிக்கை கேட்டிருக்கிறார். ட்ரெல்லோ போர்டில்தான் எல்லாம் இருக்கிறதே, பார்த்து எழுதிவிடலாம் என்கிறாய். எழுதலாம். ஆனால் அந்த போர்டு, இன்று யார் எதைச் செய்வது என்று நீங்கள் நால்வரும் தெரிந்துகொள்ளப் போட்டது. கைடு தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: வேலை சரியான நேரத்தில் முடியுமா, எங்கே நிற்கிறது, தான் என்ன செய்ய வேண்டும்.

முதலில் "16 கார்டில் 10 முடிந்தது, 62.5 சதவீதம்" என்ற வரியை அடித்துவிடு. முடிந்த பத்தில் சென்சார் வாங்கியதும் ஒரு கார்டு, சாலிடர் செய்ததும் ஒரு கார்டு. மிச்சமுள்ள ஆறில் ஒன்று, நிலக்கரிக் குவியலில் சென்சார் கம்பியை இறக்கி நாள் கணக்கில் அளவெடுப்பது. கார்டுகள் ஒரே அளவில் இல்லாதபோது அவற்றை எண்ணி வரும் சதவீதத்துக்குப் பொருளில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் "முடிந்தது" பத்தியில் இருக்கிறது. உங்கள் ப்ராஜெக்ட்டையே பார்ப்போம். நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். வெட்டிக் குவித்தபின் அது உலரும், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியும், சூடாகும். குவியலின் உள்ளே அந்தச் சூட்டுக்குப் போக வழியில்லை. ஏறிக்கொண்டே போனால் தானாகவே தீப்பிடிக்கும். அதை முன்கூட்டியே அறியத்தான் ஒரு கம்பியில் நான்கு DS18B20 சென்சார்களைப் பொருத்தியிருக்கிறீர்கள். "நான்கு சென்சாரும் வேலை செய்கின்றன" என்ற கார்டும் முடிந்த பத்திக்குப் போய்விட்டது.

பதிவான அளவுகளைத் திறந்து பார். மூன்றாவது சென்சார் 34, 34, 85, 34 என்று காட்டினால் என்ன அர்த்தம்? அந்த சென்சாருக்கு மின்சாரம் வந்தவுடன் அதன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க மதிப்பு 85 டிகிரி. முதல் அளவை எடுத்து முடிக்கும்வரை அதுவே நிற்கும். முழு நுணுக்கத்தில் ஓர் அளவுக்கு 750 மில்லிநொடி வரை பிடிக்கும். இடையில் மின்சாரம் ஒரு கணம் விட்டு வந்தாலும் மறுபடி 85தான். ஆக, கம்பி இணைப்பு தளர்ந்திருக்கலாம். -127 என்று வந்தால் அது வேறு: சென்சாரிடமிருந்து பதிலே வரவில்லை என்பதற்கு நிரல் நூலகம் போடும் எண்.

வேறொரு ப்ராஜெக்ட்டில் இது சின்னக் கோளாறு. இங்கே 85 என்பது ஆபத்து மணி அடிக்கவேண்டிய சூடு! 85 வந்தால் தள்ளிவிடு என்று நிரலில் எழுதுவதும் சரியில்லை. நிஜமாகவே குவியல் சூடேறும்போது அந்த எண்ணைக் கடந்துதான் போகும். ஆனால் குவியல் ஒரு நிமிடத்தில் 34-லிருந்து 85-க்குத் தாவாது, அடுத்த நிமிடம் இறங்கவும் இறங்காது. முன்னும் பின்னும் உள்ள அளவுகளையும் பக்கத்து சென்சார்களையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஆகவே அந்த கார்டை "நடக்கிறது" பத்திக்குத் திருப்பிவிட்டு அறிக்கையில் இப்படி எழுது: "மூன்று சென்சார்கள் சரியாக அளக்கின்றன, வெந்நீரில் வைத்து வெப்பமானியோடு ஒப்பிட்ட அட்டவணை இணைப்பில் உள்ளது. மற்றொன்று இடையிடையே 85 காட்டுகிறது. மின் இணைப்பில் சந்தேகம்; வெள்ளிக்கிழமைக்குள் மாற்றி, ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்போம்." முடிந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சான்று இருக்கட்டும்: அட்டவணை, படம், பதிவுக் கோப்பு, ஏதாவது. சான்று காட்ட முடியாத கார்டு இன்னும் முடியவில்லை.

அடுத்து, நிற்கும் கார்டுகள். கார்டைத் திறந்தால் அது எந்தத் தேதியில் எந்தப் பத்திக்கு நகர்ந்தது என்ற வரலாறு இருக்கும். "குவியலில் சோதனை - அனுமதி" என்ற கார்டு மூன்று வாரமாக அசையவில்லை என்றால், போர்டில் நாம் அதைப் பார்த்துப் பழகிவிடுவோம். கைடுக்கு அதுதான் முக்கியச் செய்தி. சுரங்கத்துக்கோ அனல்மின் நிலைய நிலக்கரிக் களத்துக்கோ நினைத்தபடி உள்ளே போக முடியாது, கல்லூரியின் கடிதம் வேண்டும். அதனால் "அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்" என்று மட்டும் எழுதாதே. எந்தத் தேதி முதல் நிற்கிறது, கடிதம் இப்போது யாரிடம், இந்த மாத இறுதிக்குள் வராவிட்டால் மாற்று வழி என்ன என்று எழுது. ஒரு பீப்பாயில் நிலக்கரியை நிரப்பி ஆய்வகத்தில் அளப்பது உங்கள் மாற்று வழி என்றால், சிறிய அளவு சூட்டை வெளியே விட்டுவிடும், பெரிய குவியல் போல நடக்காது என்ற எல்லையையும் சேர்த்துச் சொல். சென்சாரும் தகவல் அனுப்பும் பகுதியும் வேலை செய்கின்றனவா என்று பீப்பாயில் சோதிக்கலாம்; தீ எச்சரிக்கை சரியா என்று சோதிக்க முடியாது.

இதையெல்லாம் எழுதியபின், கைடிடம் கேட்க வேண்டியதை முதல் பக்கத்தின் மேலேயே போடு. இப்போது உனக்கு இரண்டுதான் தேவை: துறைத்தலைவர் கையெழுத்தோடு நினைவூட்டல் கடிதம், பீப்பாய்ச் சோதனைக்குச் சம்மதம். கடிதத்தை நீயே தட்டச்சு செய்து, கையெழுத்து இடம் மட்டும் காலியாக விட்டு, அறிக்கையோடு எடுத்துப் போ.