பையர் பார்க்கும் மூன்று பக்கங்கள்

ஆர்கானிக் ஜவுளிக்கு உலக அளவில் தரம் வகுக்கும் அமைப்பு காட்ஸ். 2020 அக்டோபர் இறுதியில் அது ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்தி போலி ஆவணங்களின் பேரில் ஆர்கானிக் சான்று பெற்றுவிட்டது, 11 நிறுவனங்களுக்குத் தடை என்றது அந்த அறிவிப்பு. மோசடி நடந்த விதம்தான் விசேஷம். ஆவணங்களில் ஒரு க்யூஆர் குறி இருந்தது. அதை ஸ்கேன் செய்தால் மத்திய அரசின் அபெடா நடத்தும் டிரேஸ்நெட் தளம் திறந்து, ஆவணம் சரிதான் என்று காட்டும். ஆனால் திறந்தது டிரேஸ்நெட் இல்லை. அதை அப்படியே நகலெடுத்துச் செய்த போலித் தளம்.

ஏற்றுமதிக்கு உற்பத்தி செய்யும் நிறுவனம் தனக்கென இணையதளம் அமைக்கும்போது இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு பையர் நம் தளத்துக்குள் வரும்போதே சந்தேகத்தோடுதான் வருகிறார். அவர் சந்தேகப்படுவதில் நியாயமும் இருக்கிறது.

கரூரில் கிச்சன் டவல், ஏப்ரன், மேசை விரிப்பு தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஒரு கடைத் தொடருக்குச் சரக்கு வாங்கித்தரும் அலுவலர் அதன் தளத்தைத் திறக்கிறார். முகப்பில் ஓடும் படங்களையும் நிறுவனரின் வரலாற்றையும் அவர் அநேகமாகப் படிக்கப்போவதில்லை. இவர்கள் என்ன செய்கிறார்கள், சான்று இருக்கிறதா, விலை கேட்டால் பதில் வருமா என்பதைப் பார்த்துவிட்டு அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். கேட்லாக், சான்றிதழ் பக்கம், விலை கேட்கும் படிவம் ஆகிய மூன்றும் ஒழுங்காக இருந்தால் மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை.

சான்றிதழ் பக்கத்தில் தொடங்குவோம், அதிகமான பிழைகள் அங்கேதான். பெரும்பாலான தளங்களில் அது வெறும் லோகோக்களின் வரிசை. ஓகோ-டெக்ஸ், காட்ஸ், செடெக்ஸ், பி.எஸ்.சி.ஐ. என்று வண்ண வண்ணமாக அடுக்கியிருப்பார்கள். எண் இருக்காது, தேதியும் இருக்காது. லோகோவை யாரும் இறக்கி ஒட்டிக்கொள்ளலாம் என்பது பையருக்குத் தெரியாதா? அவருக்கு வேண்டியது சான்றிதழ் எண், அதை வழங்கிய நிறுவனத்தின் பெயர், எந்தப் பெயருக்கும் எந்த முகவரிக்கும் வழங்கப்பட்டது, எந்தெந்தப் பொருளுக்குச் செல்லும், எந்தத் தேதிவரை செல்லும் என்ற விவரம். இவற்றைப் படமாக இல்லாமல் எழுத்தாகத் தர வேண்டும், அவர் எண்ணை நகலெடுத்துத் தேட வேண்டுமே.

அதைவிட முக்கியம், அவர் சரிபார்க்கும் இடம் நம் தளமாக இருக்கக்கூடாது. ஓகோ-டெக்ஸ் தளத்தில் எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. காட்ஸ் தளத்தில் சான்று பெற்ற நிறுவனங்களின் பொதுப் பட்டியல் இருக்கிறது. அங்கே போக இணைப்புக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சான்றிதழின் பிடிஎஃப்பை மட்டும் ஏற்றிவைப்பதில் பெரிய பயன் இல்லை. திருத்தப்பட்ட பிடிஎஃப்களை நிறையப் பார்த்தவர் அவர்.

அங்கே போய்த் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். தளத்தில் நிறுவனத்தின் பெயர் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்று முடியும், சான்றிதழில் அதே குடும்பத்தின் ‘டெக்ஸ்டைல்ஸ்’ பெயர் இருக்கும். நமக்கு இரண்டும் ஒன்றுதான், பையருக்கு இரண்டும் வேறு வேறு. இந்தச் சான்று எங்கள் குழுமத்தின் எந்தப் பிரிவுக்கு, அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதினால் அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

நூல் தந்த மில்லின் சான்றையோ சாயப்பட்டறையின் சான்றையோ தன்னுடையதாகப் போட்டுக்கொள்வது அடுத்த தவறு. காட்ஸில் நூல், நெசவு, சாயம், தையல் என ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே சான்று பெற்றிருக்க வேண்டும். சான்றுள்ள நூலை வாங்கிச் சான்றில்லாத தறியில் நெய்து, சான்றில்லாத கூடத்தில் தைத்தால் அந்த டவலை காட்ஸ் சரக்கு என்று விற்க முடியாது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100-இல் பொருள் வகுப்பு என்று ஒன்று உண்டு. முதல் வகுப்பு குழந்தைகளுக்கானது, விதிகள் மிகக் கடுமையானவை. நான்காம் வகுப்பு திரைச்சீலை, மேசை விரிப்பு போன்றவற்றுக்கு. மேசை விரிப்புக்கு வாங்கிய நான்காம் வகுப்புச் சான்றைக் குழந்தைத் துண்டின் படத்துக்குக் கீழே வைத்தால், விஷயம் தெரிந்தவர் உடனே கவனித்துவிடுவார்.

‘செடெக்ஸ் சான்று பெற்றது’, ‘பி.எஸ்.சி.ஐ. சான்று பெற்றது’ என்ற வரிகளை இன்றைக்கே எடுத்துவிடலாம். அப்படிப்பட்ட சான்றே கிடையாது. செடெக்ஸ் என்பது உறுப்பினர் தளம். அதன் ஸ்மெட்டாவும் ஆம்ஃபோரியின் பி.எஸ்.சி.ஐ.யும் தொழிலாளர் நிலைமையைத் தணிக்கை செய்யும் முறைகள், அவற்றின் முடிவில் வருவது அறிக்கை. எந்த மாதம் தணிக்கை நடந்தது, கேட்டால் அறிக்கையைப் பகிர்கிறோம் என்று எழுதுவதே சரி. ஓகோ-டெக்ஸ், காட்ஸ் இரண்டும் ஓராண்டுச் சான்றுகள் என்பதால் காலாவதித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே தரக்கட்டுப்பாட்டு அலுவலருக்கு நினைவூட்டல் போகும்படி காலண்டரில் போட்டுவிட வேண்டும். காலாவதியான சான்றை வைத்திருப்பதைவிட, ‘புதுப்பித்தல் நடக்கிறது’ என்று ஒரு வரி எழுதுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது விலை கேட்கும் படிவம். பெயர், மின்னஞ்சல், ‘உங்கள் செய்தி’ என்று மூன்று கட்டம் மட்டும் வைத்தால் வருவது, ‘கிச்சன் டவல் 10,000 வேண்டும், விலை சொல்லுங்கள்’ என்ற ஒற்றை வரி. இதற்கு விலை சொல்ல முடியுமா? 50-க்கு 70 செ.மீ. டவலை எடுத்துக்கொள்வோம். பரப்பு 0.35 சதுர மீட்டர். துணி 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம் என்றால் ஒரு டவல் 56 கிராம். 240 ஜிஎஸ்எம் என்றால் 84 கிராம். பார்வைக்கு ஒரே டவல்தான், ஆனால் நூல் ஒன்றரை மடங்கு. பத்தாயிரம் டவலில் 560 கிலோவுக்கும் 840 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் இது. எடை தெரியாமல் சொல்லும் விலை வெறும் ஊகம். குறைத்துச் சொல்லி ஆர்டர் பிடித்தால் நஷ்டம், கூட்டிச் சொன்னால் பையர் போய்விடுவார்.

ஆகவே படிவம் கேட்க வேண்டியவை பொருள், அளவு, நூல் வகை, ஜிஎஸ்எம், எத்தனை நிறம், நிறத்துக்கு எத்தனை உருப்படி, எந்தச் சான்று தேவை, எந்தத் துறைமுகத்துக்கு, எப்போது. அதற்காக இருபத்தைந்து கட்டங்களை வைத்து அத்தனைக்கும் சிவப்பு நட்சத்திரம் போடுவது மறுகோடிப் பிழை. பையர் பலருக்கு ஜிஎஸ்எம் தெரியாது, கையில் ஒரு மாதிரி டவல் மட்டும் இருக்கும். ‘தெரியாது, மாதிரி அனுப்புகிறேன்’ என்று ஒரு தேர்வு கட்டாயம் வேண்டும். விவரக் குறிப்பைக் கோப்பாக இணைக்கவும் இடம் வேண்டும். கட்டாயம் என்று வைக்க மின்னஞ்சல், பொருள், எண்ணிக்கை மூன்றே போதும். நிறத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை உருப்படி என்பதைப் படிவத்தின் மேலேயே சொல்லிவிடுங்கள். சாயத்தொட்டியும் பாவு நீளமும் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன, அதை மறைப்பதால் லாபமில்லை. ஐம்பது டவல் கேட்பவரின் நேரமும் நம் மெர்ச்சண்டைசரின் நேரமும் மிச்சம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சில தளங்களில் மாதக்கணக்கில் ஒரு விசாரணையும் வராது. முதலாளி சந்தை மந்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். படிவம் ‘நன்றி, தொடர்பு கொள்கிறோம்’ என்று காட்டியிருக்கும், மின்னஞ்சல் மட்டும் வந்து சேர்ந்திருக்காது. அடிக்கடி காணும் காரணம் இதுதான்: பையர் தட்டிய முகவரியையே அனுப்புநர் என்று போட்டு நம் சர்வர் கடிதத்தை அனுப்புகிறது. பையரின் நிறுவனமோ, எங்கள் பெயரில் கடிதம் இன்னின்ன சர்வர்களிலிருந்து மட்டுமே வரும் என்று முன்பே அறிவித்து வைத்திருக்கிறது. நம் அஞ்சல்பெட்டி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது போலி என்று ஸ்பேமில் தள்ளும் அல்லது அடியோடு மறுத்துவிடும். அனுப்புநர் நம் முகவரியாக இருக்க வேண்டும், பதில் போகும் இடத்தில் மட்டும் பையர் வர வேண்டும்:

```
From: enquiry@example.com
Reply-To: buyer@example.de
```

தளம் செய்துதருபவரிடம் இந்த இரண்டு வரியைக் காட்டினாலே புரிந்துகொள்வார். கூடவே, ஒவ்வொரு விசாரணையும் மின்னஞ்சலை நம்பியிராமல் தளத்தின் தரவுத்தளத்திலும் பதிவாகி, ஒரு வரிசை எண்ணோடு பையருக்கு ஒப்புகை போகட்டும். மாதம் ஒருமுறை ஜிமெயில் முகவரியிலிருந்தும் வேறொரு நிறுவன முகவரியிலிருந்தும் நாமே படிவத்தை நிரப்பிப் பார்க்கலாம். தரவுத்தளத்தில் உள்ள எண்ணிக்கையும் அஞ்சல்பெட்டியில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

கேட்லாக்கில் செய்ய வேண்டியது குறைவு. ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு அச்சடித்த கோப்பையே பலர் தளத்திலும் ஏற்றிவிடுகிறார்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், திரைக்கு அதில் பாதியே தாராளம். கிச்சன், மேசை, படுக்கை என்று தனித்தனிக் கோப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பத்து எம்பிக்குள் அடங்கினால் ரயிலில் போகும் பையரும் இறக்கிப் பார்த்துவிடுவார். எழுத்துகள் படமாக இல்லாமல் தேடக்கூடிய எழுத்தாகவே இருக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, அதே எண்ணைப் படிவத்தில் தேர்ந்தெடுக்க வைத்தால் ‘ஏழாம் பக்கத்து நீலக் கோடு’ என்ற குழப்பம் இல்லை. கேட்லாக் கைமாறிக் கைமாறிப் போகும் என்பதால் நிறுவனத்தின் பெயரும் தொடர்பு முகவரியும் எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருக்க வேண்டும். விலை மட்டும் வேண்டாம், பருத்தி விலை ஏறி இறங்கும்போது பழைய கோப்பு நம்மையே வந்து பிடிக்கும்.

மின்னஞ்சல் கொடுத்தால்தான் கேட்லாக் என்று பூட்டுப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் கருத்தில் கூடாது. பூட்டைத் திறக்க வந்து சேரும் முகவரிகளில் பாதி பொய் முகவரிகள், மெய்யான பையர் பாதியிலேயே கிளம்பிவிடுவார்.

பூட்டு வைக்கவேண்டிய இடம் வேறு. ஒரு ஸ்வீடன் கடைக்கு அவர்களே வரைந்து கொடுத்த டிசைனில் நெய்த டவல் அழகாக வந்துவிட்டது என்று அதன் படத்தை கேட்லாக் அட்டையில் போடுபவர்கள் உண்டு. சில சமயம் அந்தக் கடையின் லேபிள்கூடத் தெரியும். டிசைன் அவர்களுடையது, ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதியும் அநேகமாக இருக்கும். ஜெர்மன் பையர் அந்தப் படத்தைப் பார்த்து மகிழமாட்டார், நாளை என் டிசைனும் இப்படித்தான் ஊரைச் சுற்றுமோ என்று கணக்குப் போடுவார். கேட்லாக்கில் வருவதெல்லாம் நம் டிசைன் பிரிவு வரைந்தவையாகவே இருக்கட்டும். பழைய பையருக்குச் செய்ததைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அவர் எழுத்துமூலம் சம்மதித்த கடிதம் மெர்ச்சண்டைசரின் ஃபைலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படத்தை வடிவமைப்பாளரிடம் கொடுங்கள்.